இடைவெளி விட்டுப் பதித்த குழாய்

அந்த வருஷம் அகல் விளக்குகள் வெள்ளை பூத்தன. காயும்போதே விளிம்பு வெளிறியது. சூளையில் வெந்து வந்த பிறகு அந்த வெளிறல் சாம்பல் தடவியதுபோல அப்படியே நின்றுவிட்டது. துணியால் துடைத்தாலும் போகவில்லை. பெரிய மார்க்கெட்டில் விளக்கு விற்கும் அம்மா ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். விளிம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"இன்னாயா, வெளக்குக்கு விபூதி பூசி எடுத்தாந்திருக்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மூன்று சக்கர வண்டியில் பானை சட்டி ஏற்றி வந்து இறக்குவதோடு என் வேலை முடிந்தது. ஐந்தாவது வரை படித்தவன். யாராவது முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது இன்றைக்கும் போகவில்லை.

"பொம்பள சக்கரத்துல ஒக்காந்தா இப்பிடித்தான் ஆவும். போயி சொல்லு உங்க குயவருகிட்ட" என்றார் அந்த அம்மா. வண்டியில் பாதிச் சரக்கு திரும்பி வந்தது.

அவர் சொன்னதை நான் போய்ச் சொல்லவில்லை. சொல்லாமலே அந்த வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அவர்கள் சாதியில் பெண்கள் மண் மிதிப்பார்கள், பானைக்கு அடி தட்டுவார்கள், சூளை அடுக்குவார்கள். சக்கரத்தை மட்டும் தொடமாட்டார்கள். குயவருக்கு வாதத்தில் வலது கை விழுந்துபோயிருந்தது. ஆண் பிள்ளை இல்லை. மகள் ஒருத்திதான், முப்பது வயதைத் தாண்டியவள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்திருந்தாள். அப்பாவிடம் கேட்காமல் ஒருநாள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மண்ணை வைத்துவிட்டாள். அவர் பார்த்தார், தடுக்கவில்லை. அவள் கைக்கு மண் அடங்கி எழுந்ததை நானும் பார்த்தேன்.

இப்போது விளக்கு வெள்ளை பூத்ததும் கொசப்பாளையத்திலிருந்து அவருடைய அண்ணன் மகன் வந்தான். சக்கரத்தைத் தான் எடுத்துப்போவதாகச் சொன்னான். குயவர் மகளைப் பார்த்துச் சொன்னார்:

"கார்த்திகைக்குப் போடுற வெளக்கு செவப்பா வரட்டும். வந்தா சக்கரம் இங்கியே கெடக்கும். இல்லன்னா அவன் எடுத்துக்கினு போவட்டும். நான் இன்னா பண்ணுவேன், சொல்லு."

"தண்ணிப்பா. எல்லாம் தண்ணிதான்" என்றாள் அவள்.

"இத்தினி வருஷமா அதே கெணறுதானே?"

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. அடுப்பில் ஓர் ஓட்டுத்துண்டைக் கருக்கக் காய்ச்சி எடுத்தாள். கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு அதன்மேல் விட்டாள். சொட்டு சீறிக் காய்ந்தது. கறுப்பு ஓட்டின்மேல் வெள்ளை வளையம் ஒன்று மிஞ்சியது.

அவர்கள் வீடு முத்தியால்பேட்டைக்குக் கிழக்கு ஓரத்தில், வைத்திக்குப்பத்துக்குப் போகும் பக்கம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நீளமான மணல் காலிமனை. மேற்கே கொஞ்சம் மேடு, கிழக்கே பள்ளம். கடல் பொங்கி வந்த அந்த டிசம்பரில் அலை இவர்கள் மனைக்குள் வரவில்லை. தெருக்கோடியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் எல்லோரும் கிணற்றைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று மோட்டார் வைத்து இறைத்தார்கள். இறைக்க இறைக்க உப்பு ஏறியது. உப்பு ஏறியதால் இன்னும் இறைத்தார்கள். தெருக்குழாய்த் தண்ணீர் குடிக்கவே பத்தாது. அதைக் கொண்டு மண் பிசைய முடியுமா?

குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வரும் ஓர் அக்காதான் அதை விளக்கியது. அது பேச ஆரம்பித்தால் நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

"உப்புத்தண்ணி கனம்டி. அடியில கெடக்கும். மழத்தண்ணி அது தலமேல, பாலு மேல ஆட மாதிரி நிக்கும். மோட்டாரப் போட்டு ஒரே எடத்துல உறிஞ்சினா ஆட கிழிஞ்சிபோயி அடியில இருக்கிறது மேல வரும். நாங்க கடக்கரையில மணல கையால நோண்டிக் குடிக்கல? மேலாக்க நோண்டு. கொஞ்சமா மோந்துக்க. ஏம்பா வண்டி, நீயாவது சொல்லக்கூடாதா இவளுக்கு? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

அதைக் கேட்டுத்தான் அவள் ஊற்றுக்குழி தோண்ட இறங்கினாள். ஆவணி மாதம். காலையில் மண் மிதித்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் தோண்டுவாள். மணல் சரியும் என்பதால் வாயை அகலமாக வைத்துக்கொண்டு உள்ளே குறுகி இறங்கினாள். நான் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது மணலைக் கூடையில் வாங்கிக் கொட்டுவேன். நெஞ்சளவு இறங்கியதும் மணல் நிறம் மாறி ஈரமானது. அன்றைக்குத்தான் மண்வெட்டி எதிலோ பட்டு 'டக்' என்றது.

குயவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சத்தம் தெரியும். கல்லில் பட்டால் ஒரு சத்தம், சுட்ட மண்ணில் பட்டால் வேறு சத்தம். மண்வெட்டியைப் போட்டுவிட்டு மண்டியிட்டுக் கையால் மணலை வழித்தாள். முதலில் செங்கல் சில்லுகள் வந்தன. அதற்குக் கீழே கவிழ்த்து வைத்த அரைவட்ட ஓடு. ஓட்டை எடுத்ததும் ஒரு குழாய் தெரிந்தது. சுட்ட மண் குழாய். அவள் முழங்கை நீளம், கை நுழையும் வாய். ஒரு முனை குறுகி அடுத்த குழாயின் அகன்ற முனைக்குள் போயிருந்தது. ஓட்டை ஒட்டி, மண்வெட்டி பட்ட இடத்தில் குழாய் மேலே உடைந்திருந்தது. உடைந்த வாயில், வடக்குப் பக்கத்திலிருந்து, விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அவள் கையில் ஏந்திக் குடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, குடிச்சிப் பாருண்ணே" என்றாள்.

இனிப்பாக இருந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரம். கிணற்றில் வாய் வைக்க முடியாத உப்பு. இரண்டுக்கும் நடுவில் இது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அவள் அந்த உடைந்த குழாய்க்குள் கையை விட்டாள். விட்ட கையை வெளியே எடுக்கவில்லை.

"இன்னாம்மா?" என்றேன்.

"சக்கரத்துல வச்சிதான் இழுத்திருக்காங்க. அடியில்லாத பான மாதிரி. வெரல் போன கோடு அப்பிடியே இருக்குதுண்ணே. என் வெரலு அதுலியே போயி ஒக்காருது."

நானும் விட்டுப் பார்த்தேன். உள்சுவரில் வரிவரியாகச் சுற்றிச் சுற்றிப் போனது. யாரோ ஒருவர் ஈர மண்ணை விரலால் மேலே இழுத்த வேகம் அங்கே நின்றுகொண்டிருந்தது. ஆள் யார், எந்தக் காலம், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. என் கையை அவசரமாக எடுத்துக்கொண்டேன். கோயிலில் தொடக்கூடாததைத் தொட்டுவிட்டதுபோல இருந்தது.

குழாய் கடலைப் பார்த்துப் போகவில்லை. கரைக்கு இணையாக, வடக்கிலிருந்து தெற்காக, மேட்டின் அடிவாரத்தை ஒட்டிப் போனது. தெற்கே தொடர்ந்து தோண்டினோம். மனைக் கோடியில் செங்கல் கட்டிய வட்டத் தொட்டி ஒன்று மணலும் குப்பையும் நிறைந்து கிடந்தது. அதை அள்ளி முடிக்கவே பல நாள் ஆனது. குழாய் அந்தத் தொட்டிச் சுவரில் வந்து திறந்தது. திறந்த வாய்க்குக் கீழே இன்னும் இரண்டு முழம் ஆழம். கூட வரும் மணல் அங்கே படியட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அடியையும் சுவரையும் சுண்ணாம்பு பூசி வழவழவென்று அடைத்திருந்தார்கள். பூச்சில் அங்கங்கே நீலக்கறை. நீலம் தோய்த்த சாயப்பட்டறையாக இருக்கும் என்று தெருவில் சொன்னார்கள். இருக்கலாம். சாயத்துக்கும் உப்புத் தண்ணீர் ஆகாது.

வடக்கே மனையின் எல்லையில் வரிசை முடியும் இடம் வரைக்கும் திறந்து பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் சுருங்கியது. ஒவ்வொரு இணைப்பிலும் இடைவெளி இருந்தது. குழாய்க்குள் குழாய் போயிருந்ததே தவிர, இறுக்கமாக உட்காரவில்லை. சுற்றிலும் நகம் நுழையும் அளவுக்குச் சந்து. அதன்மேல் அரைவட்ட ஓட்டைக் கவிழ்த்து வைத்ததோடு சரி. சுண்ணாம்பு இல்லை, களிமண் இல்லை.

குயவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து காட்டினோம். அவர் குனிந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"கொழா இழுத்தவன் கை நல்ல கை. பதிச்சவன் சோம்பேறி. ஓட்டய அப்பிடியே வுட்டுட்டுப் போயிருக்கான் பாரு."

"இத்தினி எடத்துல ஒழுவியும் வெரல் தடிமனுக்கு வருதுப்பா" என்றாள் மகள். "எல்லாத்தையும் அடச்சிட்டா தொட்டி ரொம்பிடும்."

எங்கள் மூவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. பானையில் சந்து இருந்தால் ஒழுகும். ஒழுகினால் அடைக்கவேண்டும். பிறந்ததிலிருந்து அந்த வீட்டுக் கைகள் செய்த வேலை அதுதான். நல்ல களிமண்ணைச் சலித்து, சுண்ணாம்பு கலந்து, துளி உமி சேர்த்துப் பிசைந்தாள். ஒவ்வொரு இணைப்பாக உட்கார்ந்து, சில்லுகளை ஒதுக்கிவிட்டு, சுற்றிலும் பூசி, ஈர விரலால் இழைத்தாள். பார்க்க அழகாக இருந்தது. குழாய் உடைந்த இடத்தின்மேல் ஒரு துண்டு தகரத்தை வளைத்துக் கட்டி விளிம்பைப் பூசினோம். மேலே மணலைத் தள்ளி மூடிவிட்டேன். தொட்டியை ஒட்டி வேப்ப மரத்து வேர் படர்ந்திருந்த கடைசி இணைப்பு ஒன்றை மட்டும் விட்டாள். அதற்கு முன்பே பிசைந்த மண் தீர்ந்துவிட்டதால் அங்கே மட்டும் மணலை மூடவில்லை.

மறுநாள் காலை நான் வண்டியை நிறுத்தும்போதே அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழாய் வாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. அதற்கு மறுநாள் சொட்டு. பிறகு சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே நான் ஒரு பீடி குடித்து முடிக்கலாம் போல ஆகிவிட்டது.

"மூடி வச்ச ஊத்துக்கண்ண நோண்டித் தெறந்தீங்க. பூமாதேவிக்குக் கோவம் வராதா?" என்றது மீன்கார அக்கா. இந்தத் தடவை அதன் குரலில் கேலி இல்லை. கொசப்பாளையத்து ஆள் வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, "சக்கரத்தத் தொட்டது பத்தாதுன்னு இது வேறயா?" என்று சொல்லிவிட்டுப் போனான். குயவர் திரும்பிச் சக்கரத்தைப் பார்த்தார். அது எனக்குப் பயமாக இருந்தது. புரட்டாசி பிறந்துவிட்டது. இந்த மாதம் விளக்கு இழுக்காவிட்டால் கார்த்திகைக்குச் சூளை வைக்க முடியாது.

அவள் அழவில்லை. "எங்கியோ அடச்சிக்கிட்டிருக்கு. தெறந்து பார்க்கணும்ண்ணே" என்று மண்வெட்டியை எடுத்தாள்.

நடுவில், தகரம் கட்டிய குழாயை ஒட்டிய இணைப்பைத் திறந்தோம். நான் மணலை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தேன். குழி கொஞ்ச நேரத்தில் கசகசவென்று நீர் விட்டது. பக்க மணலிலிருந்து தண்ணீர் ஊறி ஊறிக் குழாயின் முதுகு வரைக்கும் நின்றது. அவள் தகரத்தை அவிழ்த்து, உடைந்த வாய் வழியாகக் குழாய்க்குள் கையை விட்டாள். வெளியே எடுத்து விரித்துக் காட்டினாள். கை காய்ந்திருந்தது.

எனக்கு உடனே புரியவில்லை. வெளியே தண்ணீர் நிற்கிறது, உள்ளே காய்ந்து கிடக்கிறது. குளத்தில் கவிழ்த்து அமுக்கிய பானைபோல.

அவள் எழுந்து கடைசி இணைப்புக்கு, அந்த வேப்ப வேர்ப் பக்கம் ஓடினாள். அங்கே குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டைத் தூக்கினாள். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன். பூசாமல் விட்ட அந்தச் சந்தில், செங்கல் சில்லுகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் கண்ணாடி முத்துப்போல் திரண்டு, குழாயின் விளிம்பைத் தாண்டி, உள்ளே வழிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக. சத்தமே இல்லை.

"வெளிய போவல அண்ணே" என்றாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "உள்ள வருது. இந்தச் சந்து வழியாத்தான் உள்ள வருது. வேணும்னே வுட்டிருக்காங்க."

நான் வாயைத் திறந்து, "எல்லா எணப்புலயுமா?" என்று கேட்டேன்.

"எல்லாத்துலயும். ஒரே எடத்துல உறிஞ்சாம, நீட்டுக்கும் கொஞ்சங் கொஞ்சமா. ஆடய மட்டும் வழிச்செடுக்கிற மாதிரி."

அப்போது அந்த மனை முழுவதும் எனக்கு வேறாகத் தெரிந்தது. மேட்டில் விழுந்த மழையெல்லாம் மணலுக்குள் இறங்கி, உப்பின் தலைமேல் மெலிசாக நின்று, மெதுவாகக் கடலைப் பார்த்து நகர்ந்துகொண்டிருக்கிறது. அதன் வழியில் குறுக்கே யாரோ ஒரு குழாயைப் படுக்கவைத்து, நூறு வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சந்துக்கு மேலே ஓடு, மணல் விழாமலிருக்க. அடியிலும் பக்கத்திலும் பெரிய சில்லு, அதைச் சுற்றிச் சின்னச் சில்லு, அதற்கு வெளியே குருணை மணல், அப்புறம்தான் மேட்டு மணல். தண்ணீர் வரலாம், மணல் வரக்கூடாது. தெற்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு வாட்டம், தண்ணீர் தானே தொட்டிக்கு நடந்துபோக. தொட்டியின் அடியை ஏன் அடைத்தார்கள் என்றும் அப்போதுதான் விளங்கியது. அடி திறந்திருந்தால் உப்பு மேலே வரும். இப்போது எவ்வளவு இறைத்தாலும் தொட்டிதான் காலியாகும். குழாய் தருவதற்கு மேல் ஒரு சொட்டு அதிலிருந்து பிடுங்க முடியாது. காத்திருந்துதான் மொள்ளவேண்டும். சோம்பேறி என்று நாங்கள் சொன்ன ஆள் இதையெல்லாம் மண்ணுக்குள் மூடிவிட்டுப் பேர்கூடச் சொல்லாமல் போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு வேலைதான். பூசியதையெல்லாம் சுரண்டி எடுத்தோம். சந்துக்குள் புகுந்திருந்த களிமண்ணை அவள் ஈர்க்குச்சியால் நோண்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். சில்லுகளை நாங்கள் தெரியாத்தனமாக ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தோம். அவற்றை மண் சலிக்கும் சல்லடைகளில் போட்டுப் பெரிசு, சின்னது, குருணை என்று பிரித்து, வேப்ப வேர் இணைப்பில் இருந்த வரிசையிலேயே மறுபடி அடுக்கினாள். மீன்கார அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சல்லடை பிடித்தது.

"ஏண்டி, இன்னிக்கி என் மீனு நாறிப்போச்சின்னா இந்தக் கொழாவா வாங்கிக்கும்?"

"நீ நோண்டச் சொன்னதாலதான நோண்டுனேன். பிடி."

உடைந்த குழாய்க்குப் பதிலாக அவள் ஒன்று இழுத்தாள். குயவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பழைய குழாயின் உடைந்த துண்டைத் தன் நல்ல கையில் வைத்துக்கொண்டு, உள்வரியைத் தடவியபடி, "வாய இன்னும் கொஞ்சம் அகலமா வுடு. எறுக்கிப் புடிச்சிடப் போவுது" என்றார். சந்து விடச் சொல்லி அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அந்தக் குழாயைச் சுட்டு எடுத்து வரிசையில் வைத்தாள். இணைப்பில் தன் சுண்டுவிரல் நகத்தை வைத்து அளந்தாள். அடைக்கவேண்டும் என்று விரல் தானே போவதும், அவள் அதை இழுத்துக்கொள்வதும் தெரிந்தது. பிறகு ஓட்டைக் கவிழ்த்தாள்.

தண்ணீர் அன்றைக்கே வரவில்லை. மணல் தெளிய வேண்டும் என்றாள். மறுநாள் கலங்கலாக வந்தது. அதற்கடுத்த நாள் விரல் தடிமனுக்கு, பளிங்காக. தொட்டியில் குழாய் வாய் வரைக்கும் நின்றது. அதை மொண்டுதான் மண் ஊறவைத்தாள். தினமும் தொட்டி எவ்வளவு தருகிறதோ அவ்வளவுக்குத்தான் மண் மிதித்தாள். அதைத் தாண்டி ஒரு குடம் எடுக்கவில்லை.

கார்த்திகைக்கு முன்னால் மழை கொஞ்சம் விட்ட நாளில் சூளை பிரித்தார்கள். அண்ணன் மகனும் வந்திருந்தான். குயவர் சாம்பலைத் தட்டி முதல் விளக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் விளிம்பைத் தேய்த்தான். நகத்தால் சுரண்டினான். வெயிலில் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் உதிரவில்லை. செங்கல்லைவிடச் சிவப்பாக இருந்தது.

"சக்கரம் எங்கியும் போவல" என்றார் குயவர். "நீ வந்தவன் சாப்டுட்டுப் போ."

மகளைக் கூப்பிடச் சொன்னார். நான் பின்னால் போனேன். அவள் தொட்டி விளிம்பில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். மழையில் ஊறிய மேடு அவளுக்கு மேற்கே கிடந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் எனக்கும் கேட்டது. அவளைக் கூப்பிட வந்ததை மறந்து நானும் நின்றுவிட்டேன்.